சுண்டுவிரலில் தைத்த முள்

பீடோர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் விரல் நுனியில் முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. ஆனால் அது எந்த விரல் என்பதைக் கவனியுங்கள்.

விரலை மடக்கும் தசைநாண் வழவழப்பான ஓர் உறைக்குள் ஓடுகிறது. முள் அவ்வுறையைத் துளைத்தால் கிருமிகள் அதன் நெடுகப் பரவும். நடு மூன்று விரல்களின் உறைகள் பெரும்பாலும் உள்ளங்கையில் முடிந்துவிடும். சுண்டுவிரலின் உறையோ பலருக்கு மணிக்கட்டுவரை சென்று, அங்கே கட்டைவிரலின் உறையோடு தொடர்பு கொள்கிறது. ஆகவே சுண்டுவிரலில் தைத்த முள்ளால் கட்டைவிரலிலும் சீழ் கட்டலாம்!

சிகாகோ அறுவை மருத்துவர் கனாவெல் 1912இல் வெளியிட்ட நூலில் இப்பாதைகளை ஆராய்ந்தார். விரல் முழுதும் வீங்கிச் சற்றே மடங்கி நிற்கும். உறையின் நெடுகத் தொட்டால் நோகும். பிறர் மெல்ல நிமிர்த்தினாலும் கடுமையாக வலிக்கும். பெரும்பாலும் இதுவே முதல் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. தாமதித்தால் உறைக்குள் அழுத்தம் மிகுந்து, இரத்தம் எட்டாமல் தசைநாண் அழுகும். புண் ஆறினாலும் விரல் மடங்காது.