மாநகரங்கள் கிழக்கே வளர்ந்தது ஏன்?

(பழுகாமத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



1950ஆம் ஆண்டில் நியூயோர்க்கும் இலண்டனும் உலக நகரங்களின் முன்வரிசையில் நின்றன. 2025ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கணக்கிலோ முதலிடம் ஜகார்த்தாவுக்கு. முதற் பத்து நகரங்களுள் ஒன்பது ஆசியாவில் உள்ளன. எஞ்சிய ஒன்று ஆபிரிக்காவின் கெய்ரோ.

காரணம் தொழிற்சாலை மட்டுமன்று. பிறப்புக் குறையுமுன்னரே இறப்புக் குறைந்தது. நம் நாடே இதற்குச் சான்று. 1946இல் ஆயிரம் பேருக்கு இருபது பேர் மாண்டனர். டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கினர், வைத்தியசாலைகளும் துணைநின்றன. மறு ஆண்டில் மாண்டோர் பதினான்கு பேரே. பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தனர்; வயல் வளரவில்லை.

ஐரோப்பாவில் மக்கள் மிகுந்தபோது கோடிக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஆசிய, ஆபிரிக்க உழவனுக்கு அவ்வாசல் அடைபட்டிருந்தது, பட்டணமே புகலாயிற்று. அங்கும் இறப்புக் குறைந்திருந்தமையால், சென்றவர் குடும்பங்களும் பெருகின.

அவ்வாறாயின் கொழும்பு ஏன் டாக்கா ஆகவில்லை? 2012இல் கொழும்பு மாநகர எல்லைக்குள் ஆறு இலட்சம் பேர்கூட இல்லை. இலவசக் கல்வியும் வைத்தியமும் கிராமத்தை எட்டியமை ஒரு காரணம். அரசு நிலமற்றோரை வறண்ட வலயத்தில் குடியேற்றியமை மற்றொன்று. நம் அயலில், பட்டிப்பளையாற்றில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அத்தகையது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. தலைநகரின் நெரிசல் குறைந்தது. அதன் விலையைக் கிழக்கின் தமிழர் நிலத்தாலும் வாக்குப் பலத்தாலும் செலுத்தினோம்.

மக்கள் எத்திசை செல்வர் என்பதைப் பசி மட்டுமன்று, காணிச் சட்டமும் தீர்மானிக்கிறது. அச்சட்டத்தை எழுதும் கையில் நமக்கும் பங்கு வேண்டும்.