77 உணவுகளில் ஐந்து



உகப்பாக்கக் கணிதம் பற்றிய கருத்தரங்கைத் தொடங்கிவைப்பவர் அத்துறை வளர்ந்த கதையை ஆண்டுவாரியாகச் சொல்லி அமர்வதுதான் வழக்கம். இன்று அந்த வழக்கத்தை விட்டுவிடலாம். இங்கே அமர்ந்திருப்போரில் அநேகமாக எல்லோரும் என்றோ ஒருநாள் வரைபடத்தாளில் நான்கைந்து கோடுகள் போட்டு, அவை அடைத்த பகுதியை நிழலிட்டு, மூலைப்புள்ளிகளில் மட்டும் குறிக்கோள் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு, முழு மதிப்பெண் வாங்கியவர்கள். மூலைகளை மட்டும் பார்த்தால் ஏன் போதும் என்று கேட்ட மாணவர் குறைவு. கேட்டவருக்கும் "அது தேற்றம்" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அந்தத் தேற்றத்துக்காகத்தான் இந்த உரை.

படம் வரைய முடியாத ஒரு கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. 1945-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கேள்வியை வெளியிட்டார். 154 பவுண்டு எடையுள்ள, மிதமாக உழைக்கும் ஓர் ஆண், ஓராண்டுக்கு வேண்டிய சத்துகளை ஆகக் குறைந்த செலவில் பெற என்ன சாப்பிட வேண்டும்? அவருடைய அட்டவணையில் 77 உணவுகள் இருந்தன; கலோரி, புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்பு, ஐந்து வைட்டமின்கள் என்று ஒன்பது தேவைகள் இருந்தன. நேரடியாகத் தீர்க்க வழி அன்று கிடையாது. எல்லாச் சத்திலும் வேறோர் உணவிடம் தோற்றுப்போகும் பண்டங்களை முதலில் கழித்து, 77-ஐ 15 ஆக்கினார். பிறகு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, 1939-ஆம் ஆண்டு விலையில் 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார்.

1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியதும், அதைச் சோதிக்க இந்தக் கணக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்தில் ஜாக் லேடர்மன் தலைமையில் ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணிப்பொறிகளைச் சுழற்றி, சுமார் 120 ஆள்நாள் உழைத்து 39.69 டாலர் என்ற விடையைக் கண்டார்கள். ஸ்டிக்லர் வெறும் 24 சென்ட் தூரத்தில் நின்றிருந்தார். முறை இல்லாமல் அவ்வளவு நெருங்கியது பெரிய காரியம்தான். இன்று கணினியில் அதே அட்டவணையை ஓட்டினால் 39.66 டாலர் வருகிறது. கோதுமை மாவு, மாட்டு ஈரல், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த நேவி பீன்ஸ். அவ்வளவுதான். மீதி 72 உணவுகளும் பூச்சியம்.

"சிலவற்றை மட்டும் தேர்ந்தெடு" என்று கணக்கில் எங்கும் எழுதவில்லை. நாற்பது உணவுகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தாலும் விதிப்படி அது ஏற்புடைய தீர்வே. பிறகு ஏன் ஐந்தே ஐந்து? மூலைத் தேற்றம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சிறிய எண்களில் பார்ப்போம். அ, ஆ, இ என்று மூன்று உணவுகள், இரண்டே சத்துகள். ஒரு ரூபாய்க்கு வாங்கும் 'அ'-வில் முதல் சத்து 4 அலகு, இரண்டாவது 1 அலகு. 'ஆ'-வில் அது தலைகீழ்: 1, 4. 'இ'-யில் 2, 2. இரண்டு சத்திலும் குறைந்தது 20 அலகு வேண்டும். ஒருவர் அ-வுக்கு 2 ரூபாய், ஆ-வுக்கு 2 ரூபாய், இ-க்கு 5 ரூபாய் என்று வாங்குகிறார். இரண்டு சத்தும் சரியாக 20. செலவு 9 ரூபாய். மூன்று உணவு, இறுக்கமாக நிற்கும் கட்டுப்பாடு இரண்டு. மூன்று அளவுகளை இரண்டு சமன்பாடுகள் கட்டிப்போட முடியாது. ஒரு நகர்வுக்கு இடம் மிச்சமிருக்கிறது. 'இ'-யில் 5 ரூபாயைக் குறைத்து, அ-விலும் ஆ-விலும் 2 ரூபாய் வீதம் கூட்டினால் சத்துகள் அப்படியே 20-இல் நிற்கின்றன. செலவோ 1 ரூபாய் குறைகிறது. இதே மாற்றத்தை எதிர்த்திசையில் செய்தால், அதாவது அ, ஆ இரண்டையும் விட்டு இ-யைக் கூட்டினால், சரியாக 1 ரூபாய் கூடுகிறது.

கவனிக்க வேண்டியது அந்தச் "சரியாக" என்ற சொல்லை. ஒரு திசையில் நகர்ந்தால் கிடைக்கும் லாபம் எதிர்த்திசையில் அதே அளவு நட்டமாகிறது. நேரியல் என்றால் இதுதான். அதனால் இரு திசையிலும் கொஞ்சமாவது நகர இடமுள்ள எந்தப் புள்ளியும் தனி வெற்றியாளராக நிற்க முடியாது. ஒரு திசை மலிவு, மறுதிசை விலை அதிகம் என்றால், அந்தப் புள்ளியைவிட நல்ல புள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. இரு திசையிலும் செலவு மாறவில்லை என்றால், எந்த நட்டமும் இல்லாமல் அங்கிருந்து நகரலாம். எதுவரை? ஏதாவது ஒரு கட்டுப்பாடு தடுக்கும்வரை. ஏதோ ஓர் உணவு பூச்சியத்தைத் தொடும். அல்லது உபரியாக இருந்த ஒரு சத்து தன் கீழெல்லைக்கு இறங்கிவிடும். அங்கே இறுக்கமான கட்டுப்பாடு ஒன்று கூடுகிறது. மறுபடியும் நகர இடம் இருந்தால் மறுபடியும் நகரலாம். ஒவ்வொரு நகர்விலும் சுதந்திரம் ஒரு படி குறைவதால் இது முடிவில்லாமல் போகாது. நின்றுவிடும் இடத்துக்குத்தான் மூலை என்று பெயர். அதாவது, எந்த ஒரு கோட்டிலும் முன்னும் பின்னும் நகர முடியாத புள்ளி.

இனி ஸ்டிக்லரின் தட்டுக்குத் திரும்பலாம். 77 உணவுகள் என்றால் 77 பரிமாண வெளி; அங்கே ஒரு புள்ளியை அசையாமல் நிறுத்த 77 தனித்தனிக் கட்டுப்பாடுகள் இறுக வேண்டும். பூச்சியமான உணவுகள் 72. மீதி ஐந்து சத்துகளிலிருந்து வர வேண்டும். விடையைத் திறந்து பார்த்தால் கலோரி, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் ஏ, ரிபோஃப்ளேவின், வைட்டமின் சி ஆகிய ஐந்தும் கேட்ட அளவில் துல்லியமாக நிற்கின்றன. புரதம், இரும்பு, தயமின், நியாசின் நான்கும் தேவைக்கு மேலேயே கிடைக்கின்றன. புரதம் இரு மடங்குக்கும் அதிகம். 72-ம் 5-ம் 77. இதில் தற்செயல் எதுவும் இல்லை. ஒன்பது தேவைகள் உள்ள கணக்கின் மூலையில் ஒன்பதுக்கு மேல் உணவுகள் தலைகாட்ட முடியாது. நான்கு தேவைகள் தளர்வாக நின்றால் அந்த எண்ணிக்கை ஐந்தாகச் சுருங்கும்.

முடிவில்லாத புள்ளிகளிலிருந்து எண்ணக்கூடிய மூலைகளுக்கு வந்துவிட்டோம் என்பதால் வேலை எளிதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. 77 உணவுகளையும் ஒன்பது உபரிகளையும் சேர்த்து, 86-இல் ஒன்பதைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஏறத்தாழ 46 ஆயிரம் கோடி. அவற்றில் பெரும்பாலானவை ஏற்புடைய மூலையே அல்ல என்றாலும், ஒவ்வொன்றாகப் பார்க்க எந்த எழுத்தராலும் முடியாது. சிம்ப்ளெக்ஸ் ஒரு மூலையிலிருந்து செலவு குறையும் விளிம்பு வழியாக அடுத்த மூலைக்குப் போகிறது. தேற்றம் தேட வேண்டிய இடத்தை மட்டுமே சொல்கிறது.

இந்த இடத்தில் பாடநூல்களோடு ஒரு சிறு வழக்கு உண்டு. "உகந்த தீர்வு எப்போதும் மூலையில்தான் இருக்கும்" என்று அவை எழுதுவதில் "எப்போதும்" என்ற சொல் சற்று அதிகப்படி. மேலே சொன்ன 'இ' உணவு ரூபாய்க்கு 2, 2 தராமல் 2.5, 2.5 தந்தால் என்ன ஆகும்? அ 4, ஆ 4 வாங்கினாலும் 8 ரூபாய். இ மட்டும் 8 ரூபாய்க்கு வாங்கினாலும் அதே 8 ரூபாய். இரண்டுக்கும் இடைப்பட்ட எந்தக் கலவையும் 8 ரூபாய். ஒரு விளிம்பு முழுவதுமே உகந்தது. ஆகவே சரியான கூற்று, உகந்த புள்ளிகளில் ஒன்றாவது மூலையாக இருக்கும் என்பதே. அதற்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. உகந்த மதிப்பு என்று ஒன்று இருக்க வேண்டும். செலவு எல்லையின்றி இறங்கிக்கொண்டே போகும் கணக்கில் தேற்றத்துக்கு வேலை இல்லை. பகுதிக்குள் இருபுறமும் முடிவின்றி நீளும் கோடு எதுவும் இருக்கக் கூடாது. y ≥ 0 என்ற ஒரே கட்டுப்பாட்டோடு, x எந்த மதிப்பையும் ஏற்கலாம் என்று விட்டு, y-ஐச் சிறுமமாக்கினால் x அச்சு முழுவதும் விடை, மூலையே கிடையாது. உணவுக் கணக்கில் எதையும் பூச்சியத்துக்குக் கீழான அளவில் சாப்பிட முடியாது என்பதால் அத்தகைய கோடு உள்ளே நுழைவதில்லை.

ஒரு விளிம்பு முழுவதும் உகந்ததாவது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. 1984-இல் பெல் ஆய்வகத்தில் நரேந்திர கர்மார்க்கர் அறிவித்த முறையும் அதன் வழிவந்த உட்புள்ளி முறைகளும் விளிம்பில் நடப்பதில்லை; பகுதியின் உள்ளே புகுந்து போகின்றன. உகந்த புள்ளிகள் ஒரு விளிம்பாகவோ முகமாகவோ இருந்தால், அவை அதன் நடுவில் போய் இறங்கும். அப்படி வந்த விடையில் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைவிட அதிகமான மாறிகள் பூச்சியமற்று இருக்கலாம். அதனால்தான் மென்பொருள்கள் கடைசியில் கிராஸ்ஓவர் என்ற ஒரு படியைச் சேர்த்து, மேலே விவரித்த அதே நகர்த்தலைச் செய்து மூலைக்குக் கொண்டுவருகின்றன. இரண்டு மென்பொருள்கள் ஒரே செலவுக்கு இரு வேறு திட்டங்களைக் கொடுத்தால், பிழை தேடும் முன் இந்தச் சமநிலையைச் சோதிப்பது நல்லது.

மூலைக்கு ஒரு முரட்டுத்தனமும் உண்டு. எடை குறைக்க நினைத்த டான்ட்சிக், 1950-களில் தன் உணவையே கணக்காக எழுதினார். நீரைக் கழித்த பிறகு வயிற்றை நிரப்பும் எடையைப் பெருமமாக்குவது குறிக்கோள். முதல் விடையில் நாளொன்றுக்கு 500 கேலன் வினிகர் வந்தது. வினிகரை நீக்கினார்; அடுத்த விடையில் 200 சூப்புக் கட்டிகள். கட்டிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார். பிறகு தவிடு முன்னால் வந்தது. சொல்லாமல் விட்ட கட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அந்தத் திசையில் கடைசி மூலைவரை கணக்கு போய்விடுகிறது. புதிய வரம்பு ஒன்று வைத்தால் அந்த மூலை வெட்டுப்பட்டு, பக்கத்தில் வேறு மூலைகள் முளைக்கின்றன.

இந்தக் குணம் தனக்கு ஆகாது என்று ஒதுக்கியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-இல் முதலீட்டுப் பங்கீடு பற்றி எழுதியபோது, எதிர்பார்க்கும் வருவாயை மட்டும் பெருமமாக்கும் விதியை அவர் முதலிலேயே தள்ளினார். மொத்தப் பணம் இவ்வளவு என்ற ஒரே கட்டுப்பாடு உள்ள நேரியல் கணக்கு அது. ஒரு கட்டுப்பாடு என்றால் மூலையில் ஒரே ஒரு பங்கு. முழுப் பணமும் அதிலேயே. பல பங்குகளுக்கு ஒரே வருவாய் என்றால் மட்டும் எந்தக் கலவையும் சமம், நாம் பார்த்த 8 ரூபாய் விளிம்பைப்போல. அவர் ஏற்ற இறக்கத்தின் அளவாக மாறுபாட்டைச் சேர்த்தார். அது இருபடிச் சார்பு. இருபடியில் ஒரு புள்ளியிலிருந்து முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நட்டமே என்ற நிலை வரலாம். இரு திசை வாதத்தின் ஆணிவேர் அங்கே அறுபடுகிறது. பணம் பல பங்குகளில் பரவி, விடை பகுதியின் உள்ளேயே நின்றுவிட முடிகிறது.