முகம் காட்டினால் அட்டெண்டன்ஸ்: ‘வேண்டாம்’னு சொல்ல வழி இருக்கா?

(எபிசோடின் ஆடியோவிலிருந்து திருத்தி எழுதப்பட்ட வடிவம்)

ஆபீஸ் வாசல்லயும் காலேஜ் கேட்லயும் இப்போ ஒரு சின்ன ஸ்க்ரீன் மாட்டியிருக்காங்க. முன்னாடி நின்னா ‘தேங்க் யூ’ன்னு சொல்லும், அட்டெண்டன்ஸ் விழுந்துடும். அதுக்கு முன்னாடி எங்கேயோ ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருப்பீங்க. அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு, அந்த மெஷின் உங்களைப் பத்தி எதைச் சேமிக்குது, வேற வழி இருக்கா? இன்னைக்கு இந்த மூணையும் பார்க்கலாம்.

பீரோவில் பூட்டி வைத்தும் அபராதம்

ஸ்வீடன்ல ஷெலெஃப்டெயோன்னு ஒரு ஊர். 2018-ல அங்க ஒரு பள்ளியில 22 மாணவர்களை வச்சு சில வாரம் மட்டும் ஒரு சோதனை நடத்தினாங்க. வகுப்புக்குள்ள வரும்போது கேமரா முகத்தைப் பார்த்து வருகையைப் பதிவு பண்ணும். ஒவ்வொரு வகுப்புலயும் பேர் கூப்பிடுற நேரம் மிச்சமாகும்ங்கிறது அவங்க காரணம்.

அவங்க அலட்சியமா செய்யல. பெற்றோர்கிட்ட சம்மதம் வாங்கினாங்க. விருப்பம் இல்லாதவங்க விலகிக்கலாம்னு சொன்னாங்க. படங்களை இன்டர்நெட்டே இல்லாத ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு, அந்தக் கம்ப்யூட்டரை பீரோவுல வச்சுப் பூட்டினாங்க. இருந்தும் 2019 ஆகஸ்ட்ல அந்த நாட்டு தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் ஸ்வீடிஷ் குரோனா அபராதம் போட்டுச்சு.

ஏன்? மாணவர் பள்ளியைச் சார்ந்து இருக்கிறவர். மார்க், தேர்ச்சி எல்லாம் அவங்க கையில இருக்கு. அப்படி ஒரு இடத்துல கேட்டு வாங்குற ‘சரி’யை சுதந்திரமான சம்மதமா எடுத்துக்க முடியாதுன்னு ஆணையம் சொல்லிச்சு. வருகையைப் பதிவு பண்ண இவ்வளவு அந்தரங்கமான தகவலே தேவையில்லை, இதைவிட எளிமையான வழி இருக்குன்னும் சொல்லிச்சு.

ஆபீஸ்லயும் இதே கதைதான். 2024 பிப்ரவரியில பிரிட்டனோட தகவல் ஆணையர், ‘செர்கோ லெஷர்’ங்கிற நிறுவனம் 38 மையங்கள்ல 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களோட முகத்தையும் கைரேகையையும் வருகைக்காக ஸ்கேன் பண்றதை நிறுத்தச் சொன்னார். சேர்த்து வச்ச பயோமெட்ரிக் தகவலை 3 மாசத்துக்குள்ள அழிக்கச் சொன்னார். அவர் சுட்டிக்காட்டின முக்கியமான குறை, ஊழியர்களுக்கு வேற வழின்னு ஒண்ணைத் தெளிவா கொடுக்கவே இல்லைங்கிறது.

நம்ம ஊர்ல சட்டம் என்ன சொல்லுது?

நம்ம நாட்டுல 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 2025 நவம்பர்ல விதிகள் வெளியாச்சு. நமக்குத் தேவையான முக்கியமான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வரும்.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. 7-வது பிரிவுல, ‘வேலைவாய்ப்பு சம்பந்தமான’ நோக்கத்துக்காக முதலாளி உங்க தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த இடம் இருக்கு. அதனால ஆபீஸ்ல ‘நான் சம்மதிக்கல’ன்னு மட்டும் சொன்னா வாதம் நிக்காம போகலாம். ஆனா காலேஜ் மாணவர் ஊழியர் இல்லையே! அவருக்கு அந்த வழி பொருந்தாது. சம்மதத்தை வச்சுத்தான் எடுக்கிறாங்கன்னா 6-வது பிரிவு சொல்ற மாதிரி அது சுதந்திரமா, நிபந்தனை இல்லாம, அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும் இருக்கணும். ‘முகம் பதியலன்னா அட்டெண்டன்ஸ் கிடையாது, அட்டெண்டன்ஸ் இல்லன்னா பரீட்சை கிடையாது’ன்னா அதுல நிபந்தனை இல்லைன்னு யார் சொல்ல முடியும்? கொடுத்த மாதிரியே சுலபமா சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் உரிமை இருக்கணும்னு அதே பிரிவு சொல்லுது.

‘போட்டோ எதுவும் சேமிக்கல சார்’

கேட்டா பெரும்பாலும் வர்ற பதில் இதுதான். அது உண்மையாவே இருக்கலாம். ஆனா அது பாதி பதில்.

மெஷின் முதல்ல முகம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கும், நேராக்கும், அப்புறம் அதை ஒரு எண் வரிசையா மாத்தும். பல மாடல்கள்ல அது 512 எண்கள். அதுக்குப் பேர்தான் டெம்ப்ளேட். சாதாரணமா சேமிச்சா சுமார் 2 கிலோபைட், ஒரு சின்ன மெசேஜ் அளவு. நாளைக்கு நீங்க வரும்போது புதுசா ஒரு வரிசை எடுத்து, பழசோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கும். ஒரு எல்லையைத் தாண்டினா நீங்கதான்னு முடிவு பண்ணும்.

‘வெறும் எண்ணுதானே, இதுல இருந்து முகம் வராது’ன்னு சொல்வாங்க. டெம்ப்ளேட்ல இருந்து அதே ஆள் மாதிரி தெரியுற முகத்தைத் திரும்ப உருவாக்க முடியும்னு ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டிட்டாங்க. ரெண்டு இடத்துல ஒரே மாடல் ஓடினா, ரெண்டு டெம்ப்ளேட்டையும் ஒப்பிட்டு ஒரே ஆள்தான்னு கண்டுபிடிச்சிடலாம். பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்தலாம், முகத்தை மாத்த முடியாது.

கசியாதுன்னும் சொல்ல முடியாது. 2019-ல ‘பயோஸ்டார் 2’ங்கிற கதவு, வருகைப் பதிவு சிஸ்டத்தோட தகவல் இன்டர்நெட்ல திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. 10 லட்சத்துக்கும் மேல ஆட்களோட கைரேகை, கூடவே முகத் தகவலும் அதுல இருந்துச்சு.

அதனால ‘போட்டோ இருக்கா’ன்னு கேக்கறதைவிட, ‘டெம்ப்ளேட் எங்க இருக்கு’ன்னு கேளுங்க. மெஷினுக்குள்ளயா, ஆபீஸ் சர்வர்லயா, மெஷினை வித்த கம்பெனியோட கிளவுட்லயா? நான் வேலையை விட்டா எத்தனை நாள்ல அழியும், பேக்கப்ல இருந்தும் அழியுமா? சில இடத்துல ஆளோட பேரை லிஸ்ட்ல இருந்து தூக்குவாங்க, டெம்ப்ளேட் மட்டும் மெஷின்ல அப்படியே கிடக்கும். அழிச்சதுக்கு எழுத்துல ஒரு பதில் வாங்கினாதான் தெரியும்.

அப்போ வேற என்ன பண்றது?

நிர்வாகத்துக்கும் ஒரு நியாயமான கவலை இருக்கு. கார்டு மட்டும் வச்சா, ஒருத்தர் நாலு பேர் கார்டையும் தட்டிட்டுப் போயிடுவார். அதுக்கு ஒரு நடுவழி இருக்கு: டெம்ப்ளேட்டை உங்க ஸ்மார்ட் கார்டுக்குள்ளயே வைக்கிறது. கார்டைத் தட்டினதும், உங்க முகத்தை அந்தக் கார்டுல இருக்கிற ஒரே டெம்ப்ளேட்டோட மெஷின் ஒப்பிடும். அதோட முடிஞ்சுது. சர்வர்ல எதுவும் இல்ல. வேலையை விடும்போது கார்டை வெட்டிப் போட்டா கதை முடிஞ்சுது.

இதுல துல்லியமும் கூடும். ஒரு கணக்குப் போடுவோம். வேற ரெண்டு பேரை ஒரே ஆள்னு தப்பா சொல்ற வாய்ப்பு லட்சத்துல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. கார்டு இல்லாம 1,000 பேர் லிஸ்ட்ல தேடினா, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 1,000 ஒப்பீடு நடக்கும். அப்போ யாரோ இன்னொருத்தர் எல்லையைத் தாண்டுற வாய்ப்பு சுமார் 100-ல ஒண்ணு. பெரும்பாலும் உங்க மதிப்பெண் அதைவிட அதிகமா இருக்கும், பிரச்சினை வராது. ஆனா மாஸ்க், எதிர்வெயில், பழைய படம்னு உங்க மதிப்பெண் குறையுற நாள்ல வேற ஒருத்தருக்கு அட்டெண்டன்ஸ் விழலாம். கார்டோட வந்தா ஒரே ஒரு ஒப்பீடுதான்.

முகமே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்குச் சாதாரண கார்டும், எப்பவாவது சூப்பர்வைசர் தலையை எண்ணிப் பார்க்கிறதும் போதும். அறுபது பேர் இருக்கிற வகுப்புல பேர் கூப்பிட்டா சில நிமிஷம்தான் ஆகும்.

உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ இந்த மெஷின் வந்தா, எச்.ஆர்.கிட்டயோ பிரின்சிபல்கிட்டயோ சண்டை போட வேண்டாம். மெயில்ல மூணு கேள்வி அனுப்புங்க: டெம்ப்ளேட் எங்க இருக்கு? எப்போ அழியும்? முகம் தர விரும்பாதவங்களுக்கு என்ன வழி? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, நீங்க போட்ட கையெழுத்துக்குப் பேர் சம்மதம் இல்லை.

உங்க இடத்துல என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.