சங்கத்தின் பேரில் ஒரு கடிதம்: யார் கையெழுத்துப் போடுவது?

(சோழவந்தானில் சங்கப் பொறுப்பாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

ஐயாக்கள், அம்மாக்கள் நிறையப் பேர் வந்திருக்கீங்க. உங்களில் பல பேர் என் வயசைவிட அதிக வருஷம் சங்கத்தில் இருப்பவர்கள். அதனால் சங்கம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. சங்கத்தின் பேரில் அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது அந்தக் கடிதம் எப்போது சங்கத்தின் கடிதம் ஆகிறது, அதை மட்டும் பேசலாம்.

உங்க ஊர் வெற்றிலையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான சட்டம் 1999-இல் வந்தது. அதன்படி ஒரு விவசாயி தனியாகப் போய் தன் ஊர் பொருளுக்குக் குறியீடு கேட்க முடியாது. உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்கிற சங்கமோ, அமைப்போ, சட்டப்படி ஏற்பட்ட ஓர் அதிகாரமோதான் விண்ணப்பிக்கலாம். அதோடு, அந்த உற்பத்தியாளர்களின் சார்பில் தாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். "நாங்க சங்கம்" என்று சொன்னால் போதாது. "யார் சார்பில், எந்த அதிகாரத்தில் பேசுறீங்க?" என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

இதே கேள்வி சாதாரண மனுவிலும் வரும். ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். இது கற்பனைதான்.

ஒரு கொடிக்கால் விவசாயிகள் சங்கம். செயற்குழுவில் 9 பேர். கிளை வாய்க்காலின் கரை உடைந்து, கடைசியில் உள்ள கொடிக்கால்களுக்குத் தண்ணீர் வரவில்லை. வெற்றிலைக் கொடி தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் தாங்காது. நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கு மனு கொடுக்க வேண்டும். செயலாளர் அவசரத்தில் லெட்டர்பேடில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

இதில் என்ன குறை? லெட்டர்பேடை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஸ்டாம்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டும் சங்கத்தின் முடிவைக் காட்டாது. நாளைக்கே வேறொரு உறுப்பினர் போய், "அந்த மனு எங்களுக்குத் தெரியாமல் போனது" என்று சொன்னால் அலுவலர் என்ன செய்வார்? கோப்பை ஓரமாக வைத்துவிடுவார்.

சரியாகச் செய்வது கஷ்டம் இல்லை. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று வையுங்கள். துணை விதியில் சொன்னபடி முன்கூட்டியே அறிவிப்புப் போகணும், பொருள் பட்டியலில் "வாய்க்கால் கரை" என்று இருக்கணும். 5 பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று துணை விதி சொல்கிறது, 6 பேர் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு தீர்மானம் எழுதுகிறார்கள்:

"தீர்மானம் எண் 3: உடைந்த கிளை வாய்க்கால் கரையைச் சீரமைக்கக் கோரி நீர்வளத் துறைக்குச் சங்கத்தின் சார்பில் மனு அளிக்கவும், அது தொடர்பான கடிதங்களில் கையெழுத்திடவும், விசாரணைக்கு நேரில் ஆஜராகவும் சங்கச் செயலாளருக்கு அதிகாரம் அளித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இதில் மூன்று விஷயம் இருக்கு. எந்த வேலை, யாருக்கு, என்ன அளவுக்கு. "தேவையான எல்லாவற்றையும் செய்ய" என்று பொதுவாக எழுதிவிட்டால் பின்னால் சிக்கல் வரும். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்றேன்.

அடுத்தது தீர்மான நகல். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதி, கூட்டத் தேதி, தீர்மான எண் குறிப்பிட்டு, "உண்மை நகல்" என்று கையெழுத்திட வேண்டும். செயலாளருக்கு அதிகாரம் தருகிற தீர்மானத்துக்குச் செயலாளரே சான்று கொடுப்பதைவிடத் தலைவர் கொடுப்பது நல்லது. தனக்குத்தானே அதிகாரம் எழுதிக்கொண்டார் என்ற பேச்சு வராது.

கடிதத்தின் தேதி ஜூன் 10. தீர்மானத்துக்குப் பிறகு வரும் தேதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் ஜூன் 5, தீர்மானம் ஜூன் 8 என்று இருந்தால், கடிதம் போன பிறகு தீர்மானம் எழுதிச் சேர்த்தது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அவசரத்தில் மனு முன்னாடியே போயிருந்தால், பின்தேதி போட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் "ஜூன் 5-இல் அனுப்பிய மனுவை இக்குழு ஏற்கிறது" என்று நேர்மையாகத் தீர்மானம் போடலாம்.

கடிதத்தின் முதல் பத்தியில் சங்கத்தின் பெயர், பதிவு எண், தீர்மான எண், தேதி வரட்டும். வாசகம் முழுவதும் "நான்" வேண்டாம், "எங்கள் சங்கம்" என்றே போகட்டும். கையெழுத்துப் பகுதியில் "சங்கத்துக்காக" என்று எழுதி, கீழே பெயர், பதவி. நகல் இணைப்பு.

இப்போ அந்தச் சிக்கலுக்கு வருவோம். பொறியாளர் இடத்தைப் பார்க்க வருகிறார். "சீரமைப்பு முடிகிற வரை முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கிறோம்னு சங்கம் எழுதிக் கொடுக்குமா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் செயலாளர் அங்கேயே கையெழுத்துப் போடலாமா? போடக் கூடாது. சீரமைப்புக் கேட்கத்தான் அவருக்கு அதிகாரம். முறை வைப்பது யார் கொடிக்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்ற விஷயம். ஒருத்தர் பயிர் பிழைக்கும், இன்னொருத்தர் பயிர் வாடும். "குழுவில் வைத்துச் சொல்றோம் சார்" என்று வந்துவிட வேண்டும். தீர்மானத்தில் "எல்லாவற்றையும்" என்று எழுதியிருந்தால், இந்தக் கையெழுத்தும் சங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று வாதம் வரும்.

கையெழுத்துப் போடுபவர் பதவியில் இருக்கிறாரா என்பதும் முக்கியம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தேர்தல் நடந்து ஆள் மாறினால் படிவம் 7 மூலம் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பல சங்கங்களில் தேர்தல் நடக்கும், படிவம் போகாது. அப்புறம் இரண்டு தரப்பும் "நான்தான் செயலாளர்" என்று மனு கொடுத்தால், அலுவலகம் எதையும் எடுத்துக்கொள்ளாது. உங்கள் படிவம் போயிருக்கா என்று இன்றைக்கே கோப்பைப் பாருங்கள்.

கடைசியாக, செல்போனில் மனு போடுவது. முதல்வரின் முகவரி போன்ற தளத்தில் பதிவு செய்யும்போது ஓ.டி.பி. ஒருவருடைய எண்ணுக்குத்தான் வரும். பதில் குறுஞ்செய்தியும் அதே எண்ணுக்குத்தான். செயலாளர் மாறினால் மனு எண்ணே தொலைந்துபோகும். அதனால் மனு விவரத்தில் சங்கத்தின் பெயரையும் தீர்மான எண்ணையும் எழுதுங்கள், நகலைப் படம் பிடித்து இணையுங்கள், மனு எண்ணை நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை கொஞ்சம் மாறும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அங்கே சங்கத்தின் பெயரை மட்டும் போட்டால் மனு திரும்பி வர வாய்ப்பு உண்டு. பொறுப்பாளர் தன் பெயரை எழுதி, இந்தியக் குடிமகன் என்பதைக் குறிப்பிட்டு, சங்கத்தின் முகவரியில் கேட்கலாம். அப்படி வரும் மனுவுக்குத் தகவல் தரலாம் என்று மத்திய அரசின் பணியாளர் துறை வழிகாட்டியிலேயே இருக்கிறது.

உங்க நடவடிக்கைப் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்தை இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எந்த வேலை, யாருக்கு, எந்த அளவுக்கு என்று அதில் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா அடுத்த கூட்டத்தில் சரி பண்ணிடலாம்.