குடத்துக்குள்ளே ஒரு கணக்கு

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நடந்த பேச்சுப் போட்டியில், திருவொற்றியூரைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி பேசியது. பேசும்போது செய்து காட்டிய சைகைகளும் அடைப்புக்குள் தரப்பட்டுள்ளன. மற்ற பிள்ளைகள் பேசிப் பழக உதவும்.)

(காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி மேடைக்கு வந்து)

நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, "நீரைச் சேமிப்போம்".

(குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி, விரலால் தட்டி)

கேட்டீங்களா? டொங் டொங்னு சத்தம். காலிக் குடத்துக்குத்தான் இந்தச் சத்தம் வரும். 2019-ஆம் வருஷம் கோடையில் எங்க தெரு முழுக்க இந்தச் சத்தம்தான். அப்போ நான் சின்னப் பொண்ணு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டு போச்சு. லாரி எப்போ வரும்னு தெரியாம அம்மா வேலைக்குப் போகாம தெருமுனையில் நிப்பாங்க. அந்த ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. ரயிலில் ஆள் வரும், சரக்கு வரும். தண்ணீர் வந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

(கையைக் கிழக்குப் பக்கம் நீட்டி)

எங்க வீட்டிலிருந்து நடந்தா கடல். இவ்வளவு தண்ணி பக்கத்தில் இருக்கு, குடிக்க ஒரு வாய் இல்லை. எங்க ஆயா சொல்லுவாங்க, "நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த வீட்டுக் கிணத்துத் தண்ணியிலதான் சோறு ஆக்குவோம்டி. இப்போ வாயில வெச்சா உப்பு." கிணறு அதே கிணறு. உப்பு எங்கேயிருந்து வந்தது?

(வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் தட்டுபோல வைத்து)

எங்க அறிவியல் டீச்சர் சொன்ன கணக்கு இது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம். ஒரு லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். கடல் தண்ணீர் கொஞ்சம் கனம். அதனால் கடலோர மணலுக்குள்ளே நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே இருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அந்தப் பாரம் கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரைக்கும் உப்பை அமுக்கி வைக்கும்.

(வலது கையை மெதுவாக இறக்கி, இடது கையைச் சட்டென்று மேலே ஏற்றி)

நாம் மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த ஒரு அடியை இறக்கிட்டா? நாள் போகப் போக உப்பு 40 அடி மேலே ஏறி வரும்! களிமண், பாறை இருக்கிற இடத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனா நம்ம மாதிரி மணல் பூமியில் நடக்கிறது இதுதான்.

இது நடந்த ஊர் தூரத்தில் இல்லை. எண்ணூருக்கு அந்தப்பக்கம் மீஞ்சூர். அங்கே கொசஸ்தலை ஆற்று மணலுக்கு அடியில் நல்ல ஊற்று இருந்தது. பெரிய பெரிய ஆழ்குழாய்கள் போட்டு, நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் வருஷக்கணக்கா எடுத்தாங்க. மழை கொடுத்ததைவிட எடுத்தது அதிகம். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் மண்ணுக்கு அடியிலேயே 10 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்துட்டது.

(இரண்டு கைகளாலும் தள்ளுவதுபோல)

நிலத்தடி நீர் எடுக்கக் கட்டுப்பாடு வேணும்னு 1987-இல் சட்டமே வந்தது. 2010-இல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறந்தாங்க. மழை சும்மா கொடுத்த நல்ல தண்ணீரை உப்பாக்கிட்டு, உப்புத் தண்ணீரைக் காசு கொடுத்து நல்ல தண்ணீராக்குகிறோம்!

அப்போ உப்பைத் திரும்பத் தள்ள முடியுமா? ஒரு வழி, மேலே இருந்து நல்ல தண்ணீரை உள்ளே விடுறது. 2003-லேயே எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசு சொன்னது. எங்க வீட்டிலும் ஒரு குழி இருந்தது. அம்மாவும் நானும் ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்தோம்.

(மூக்கைப் பொத்தி, எட்டிப் பார்ப்பதுபோல)

உள்ளே சேறு, பால் கவர், பிஸ்கட் கவர்! ரெண்டு குடம் தண்ணி ஊத்தினோம். மறுநாள் காலையிலும் அப்படியே நின்னுது. மாடிக் குழாயோ தெருச் சாக்கடையைப் பார்த்து இருந்தது. குழி பேருக்குத்தான் இருந்திருக்கு.

அம்மா குழுவில் உள்கடன் வாங்கினாங்க. நாலு குடித்தனமும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்தாங்க. சேற்றை அள்ளினோம். மாடித் தண்ணி வந்து விழ ஒரு செங்கல் தொட்டி கட்டி, அடியில் பெரிய ஜல்லி, நடுவில் சின்ன ஜல்லி, மேலே கழுவின ஆற்று மணல் போட்டோம். அதில் வடிஞ்ச தண்ணி கிணற்றுக்குப் போகிற மாதிரி பைப் வைச்சோம். முதல் மழையில் மாடி அழுக்கும் காக்கா எச்சமும் வரும். அதை வெளியே விட பைப்பில் ஒரு திறப்பு. மாடியைக் கூட்டுறது என் வேலை.

(விரல் விட்டு எண்ணி)

எங்க மாடி 300 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர், அதாவது 18 குடம். அஞ்சு சென்டிமீட்டர் பெய்த அன்னைக்கு 90 குடம் விழும். சிந்தினது, காய்ந்தது போக 70 குடமாவது கிணற்றில் இறங்கும். அம்மா லாரியில் பிடிக்கிறது ஆறு குடம்!

உண்மையையும் சொல்லணும். எங்க கிணற்றுத் தண்ணி இன்னும் குடிக்கிற மாதிரி ஆகலை. மழைக்கு அப்புறம் துணிக்குச் சோப்பு போட்டா நுரை வருது, முன்னே திரிதிரியா நிக்கும். கோடையில் மறுபடி உப்பு ஏறுது. எங்க ஒரு வீட்டுத் தண்ணீர் தெரு முழுக்கப் பரவிடுது, அதனால் தெருவே சேரணும். அதோடு, ஆலைக் கழிவும் எண்ணெயும் இறங்கின மண்ணை மழைத் தண்ணீர் சுத்தம் பண்ணிடாது. அங்கே கிணற்றைச் சோதிக்காம வாயில் வைக்கக் கூடாது. கக்கூஸ் தொட்டி பக்கத்தில் குழி வெட்டவும் கூடாது.

(இரு கைகளையும் கூப்பி)

அம்மாமார்களே, புரட்டாசி முடியறதுக்குள்ளே உங்க வீட்டுக் குழியின் மூடியைத் திறங்க. ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. அரை மணி நேரத்தில் இறங்கினா குழி உயிரோட இருக்கு. நின்னா, அடுத்த குழுக் கூட்டத்தில் அதைப் பேசுங்க.

(குடத்தைத் தரையில் மெதுவாக வைத்து)

எங்க ஆயா அந்தக் கிணற்றுத் தண்ணியில் மறுபடி ஒரு நாள் சோறு ஆக்கணும். அதைச் சாப்பிட நான் காத்திருக்கேன்.