‘நன்கு ஒத்துழைப்பவர்’ என்றால் என்ன செய்தார்?

(தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தலைமை ஆசிரியராக இருந்த நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஒன்பது பேர் பணியாற்றினோம். ஓர் ஆண்டு பணி மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும்போது அவர்களில் ஆறு பேருக்கு ஒரே வரியை எழுதினேன்: ‘சக ஆசிரியர்களுடன் நன்கு ஒத்துழைப்பவர்.’ அதைப் படித்துக் கையெழுத்திட வந்த ஆசிரியை ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “ஐயா, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் எதைச் செய்ததை வைத்து இப்படி எழுதினீர்கள்?” என்னிடம் பதில் இல்லை. அவரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பாராட்டுதானே, தெளிவாக இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்த தேவ் தத் வழக்கை நினைத்துப் பாருங்கள். அவர் எல்லைச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர். அவரது ஆண்டுக் குறிப்பு ஒன்றில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டுக் குறிப்புகளிலும் ‘மிக நன்று’ தேவை. அந்த ஒரு ‘நன்று’ அவரது உயர்வைத் தடுத்தது. அப்படி ஒரு குறிப்பு இருப்பதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு குறிப்பும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தெரிவித்தால் அவர் ‘ஏன்?’ என்று கேட்பார். அதற்கு விடை குறிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட ஆசிரியையின் குறிப்பையே எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன். அவர் கணித ஆசிரியை.

முதலில் அந்த வரியை ஒரு சோதனைக்கு உட்படுத்தினேன். பெயரை மட்டும் மாற்றி, பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு இதே வரி பொருந்துமா? பொருந்தியது. அப்படியானால் அது அவரைப் பற்றிய வரியே அல்ல.

பிறகு மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டேன். எந்தச் சூழலில்? கண்ணால் பார்க்கும்படி என்ன செய்தார்? அதனால் என்ன மாறியது?

சூழல் நினைவுக்கு வந்தது. ஜூலையில் ஆறாம் வகுப்பில் 34 மாணவர்களில் 11 பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரவில்லை. அந்த வகுப்புக்குக் கணிதம் எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். இவர் தம் ஓய்வுப் பாடவேளைகளில் வாரத்துக்கு இரண்டை விட்டுக்கொடுத்து, அந்த 11 பேரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். புதிய ஆசிரியரோடு வாரம் ஒருமுறை அமர்ந்து, யாருக்கு எந்தப் படியில் தவறு வருகிறது என்று பார்த்தார். டிசம்பரில் அதே வகைக் கணக்குகளைக் கொடுத்தபோது 11 பேரில் 7 பேர் சரியாகச் செய்தார்கள்.

இவையெல்லாம் நினைவில் இருந்தவை. சான்று உண்டா என்று தேடினேன். பாடவேளை மாற்றம் கால அட்டவணைப் பதிவில் இருந்தது. ஜூலை, டிசம்பர் விடைத்தாள்கள் இருந்தன. புதிய ஆசிரியரிடம் கேட்டேன். வாராந்தரச் சந்திப்பை அவர் உறுதிசெய்தார். ‘அக்டோபரில் மூன்று வாரம் நடக்கவில்லை’ என்றும் சொன்னார். அதையும் கணக்கில் கொண்டேன்.

திருத்திய குறிப்பு இப்படி அமைந்தது:

‘ஜூலை முதல் டிசம்பர் வரை, அக்டோபரில் மூன்று வாரம் நீங்கலாக, வாரம் இரு ஓய்வுப் பாடவேளைகளில் ஆறாம் வகுப்பில் கழித்தலில் பின்தங்கிய 11 மாணவருக்குத் தனியாகக் கற்பித்தார். வகுப்பின் கணித ஆசிரியருடன் சேர்ந்து மாணவர் தவறுகளை ஆராய்ந்தார். டிசம்பர் தேர்வில் அவர்களில் 7 பேர் சரியாகச் செய்தனர். இம்முன்னேற்றத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. சான்று: கால அட்டவணைப் பதிவு, இரு விடைத்தாள் தொகுப்புகள்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘இவரால் 7 பேர் தேறினார்கள்’ என்று நான் எழுதவில்லை. வகுப்பு ஆசிரியரும் கற்பித்தார், மாணவர்களும் ஐந்து மாதம் வளர்ந்தார்கள். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் எழுத வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். புகைப்படத்தைச் சான்றாக இணைப்பதும் அப்படித்தான். ஆசிரியர் அங்கே நின்றார் என்பதைப் படம் காட்டும். மாணவர் கற்றார்களா என்பதைக் காட்டாது.

குறை எழுதும்போது இந்த முறை இன்னும் அவசியமாகிறது. அதே ஆண்டு மற்றோர் ஆசிரியருக்கு ‘ஒத்துழைப்பு போதாது’ என்று எழுத இருந்தேன். என்ன செய்தார், எப்போது என்று கேட்டுக்கொண்டேன். மாதாந்தர ஆசிரியர் கூட்டங்கள் நான்கில் மூன்றுக்கு அவர் வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இல்லை. சான்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் எழுதும் முன் அவரை அழைத்துக் கேட்டேன். “ஐயா, இரண்டு கூட்டங்களன்று பாடநூல் எடுத்துவர நீங்கள்தானே என்னை அனுப்பினீர்கள்?” என்றார். நகர்வுப் பதிவேட்டைப் பார்த்தேன், உண்மைதான். மிஞ்சியது ஒரு கூட்டம். அதை வைத்து ஒருவர் ஒத்துழைக்காதவர் என்று எழுத முடியுமா? அந்த வரியைக் கைவிட்டேன். மனத்தில் இருந்த கசப்புக்குக் காரணம் வேறு என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் மார்ச் மாதம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத முடியாது. ஜூலையில் நடந்தது மறந்துவிடும். பிப்ரவரியில் நடந்த ஆண்டுவிழா மட்டும் கண்முன் நிற்கும். அதனால் ஒரு நோட்டில் ஆசிரியருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன். மாதம் இரண்டு பதிவு போதும்: தேதி, பார்த்தது, பார்த்த இடம். ‘சிறப்பு’, ‘மோசம்’ போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை. அது மதிப்பிடும் இடமல்ல, பதியும் இடம். அந்தப் பக்கத்தை உரிய ஆசிரியர் எப்போது கேட்டாலும் காட்டினேன். ஒருவருடைய பக்கம் இரண்டு மாதம் வெறுமையாக இருந்தால், குறை அவரிடம் இல்லை. நான் அவர் வகுப்புக்குப் போகவில்லை என்று பொருள்.

எல்லாவற்றையும் எண்ணாக்க வேண்டியதில்லை. தந்தையை இழந்த மாணவியை ஓர் ஆசிரியர் மீண்டும் பள்ளிக்கு அழைத்துவந்தால், எந்த மாதம் எத்தனை முறை வீட்டுக்குச் சென்றார், மாணவி எப்போது திரும்பினார் என்பது போதும். மாணவியின் பெயரும் குடும்பச் செய்தியும் அதில் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ‘அனைவருடனும் இணக்கமாகப் பணியாற்றுகிறேன்’ என்று எழுதினால், தலைமை ஆசிரியர் அதையே திருப்பி எழுதுவார். இந்த ஆண்டு யாரோடு சேர்ந்து எந்த வேலையைச் செய்தீர்கள் என்று ஒரு நிகழ்வை எழுதுங்கள். அதற்கான தாளை எடுத்து வையுங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட ஆசிரியை, திருத்திய குறிப்பை இரண்டுமுறை படித்தார். “அக்டோபரில் மூன்று வாரம் நடக்காததையும் எழுதிவிட்டீர்களே” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.