படம் சொல்வதையே எழுத்தும் சொல்லட்டும்

வளைகுடா நாடுகளில் பெரிய கட்டுமான சைட்டுக்கு வேலைக்குச் சேருபவரை முதல் நாளே உள்ளே விட்டுவிட மாட்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, அங்கே என்னென்ன ஆபத்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். இண்டக்‌ஷன் என்று பெயர். அந்த அறைச் சுவரில் ஒரு போஸ்டர் தொங்கும். பெரும்பாலும் அதை முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பிறகு அரபி, உருது, ஹிந்தி, வங்காளம் என்று மாற்றுவார்கள். அரபியில் மாற்றுகிற வேலை என்னுடையது. அதைப் படிக்கப் போகிறவர்கள் எகிப்து, சூடான், சிரியா, ஏமன் நாடுகளிலிருந்து வந்த கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் சாரக்காரர்களும்தான். ஒவ்வொருவரும் பேசுகிற அரபி வேறு வேறு. எழுதுகிற அரபி எல்லாருக்கும் பொது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் அது நான்கு வரி நீளத்துக்கு வந்தது. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பணிபுரியும் அனைவரும், விழுவதைத் தடுக்கும் பொருத்தமான சாதனம் எல்லா நேரத்திலும் அணியப்பட்டிருப்பதை உறுதிசெய்தல் வேண்டும் என்பது அதன் பொருள். பக்கத்தில் நீல வட்டம். அதற்குள் ஹார்னஸ் மாட்டிய மனித உருவம்.

இங்கே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்புக் குறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 7010 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி நீல வட்டம் என்றால் 'இதைச் செய்'. குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வளையம் என்றால் 'செய்யாதே'. மஞ்சள் முக்கோணம் கட்டளை இடாது. இங்கே ஆபத்து இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பச்சைச் சதுரம் முதலுதவியும் வெளியேறும் வழியும் எங்கே என்று காட்டும். ஆகவே நீல வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுகிற வாக்கியமும் 'செய்' என்றே முடியவேண்டும். உறுதிசெய்தல், பொருத்தமான, எல்லா நேரத்திலும் போன்ற சொற்களுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. படத்தில் ஒரு மனிதன் இருக்கிறான், ஒன்றை மாட்டியிருக்கிறான். அவ்வளவுதான்.

அரபியில் 'அணி' என்பதற்கு எடுத்த எடுப்பில் அகராதி தருகிற ஏவல் வினை 'இர்ததி'. நேர்த்தியான சொல். ஆனால் போஸ்டரில் அது ஆபத்தானது. நம்மில் குர்ஆன் ஓதத் தெரிந்த நேயர்களுக்கு இது உடனே விளங்கும்: ஓதுகிற எழுத்தில் மேலும் கீழும் உயிர்க்குறிகள் இருக்கும்; செய்தித்தாளிலும் போஸ்டரிலும் அவை இருக்காது. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் 'இர்ததி'யின் எழுத்துகளை 'இர்தத்த' என்றும் படிக்கலாம். அதற்குப் பின்வாங்கினான் என்று பொருள். மதம் மாறினான் என்றும் பொருள். பக்கத்தில் படம் இருப்பதால் யாரும் கடைசிவரை குழம்பி நிற்கப் போவதில்லை. ஆனாலும் படிக்கிறவர் ஒரு நொடி தடுமாறுவார். சாரத்தின் ஏணியில் கால் வைக்கிறவருக்கு அந்த ஒரு நொடியை நாம் ஏன் வைக்கவேண்டும்? 'இல்பஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. சட்டை போடு, செருப்பு போடு என்று அம்மா குழந்தையிடம் சொல்கிற சொல். எகிப்திலும் புரியும், ஏமனிலும் புரியும். நான் எப்போதும் அதைத்தான் போடுகிறேன்.

அடுத்து, எதை அணிவது? சைட்டில் எல்லாரும் சொல்வது 'ஹிஸாமுல் அமான்', அதாவது பாதுகாப்பு பெல்ட். சிக்கல் என்னவென்றால், காரில் போடுகிற சீட் பெல்ட்டுக்கும் அரபியில் அதே பெயர்தான். பெல்ட் என்றதும் இடுப்பில் ஒரு பட்டை என்றே மனத்தில் தோன்றும். ஹார்னஸோ தோளையும் மார்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிப்பது. இடுப்பு பெல்ட்டோடு விழுகிறவருக்கு அந்த இழுப்பு முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அதனால் 'முழு உடல்' என்ற அடைமொழியைச் சேர்த்தோம். சொல் ஒன்று கூடினாலும் படத்தில் இருப்பதும் எழுத்தில் இருப்பதும் ஒன்றாயின.

இன்னொன்று பாக்கி இருந்தது. போஸ்டர் அச்சுக்குப் போவதற்கு முன் ஓர் எகிப்து போர்மேனிடம் காட்டி, இதைப் பார்த்ததும் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "மாட்டிக்கொள்வார்கள், மாட்டிக்கொண்டு நடப்பார்கள்" என்றார். கொக்கியை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். அதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே என்றார். உண்மைதான். படமும் அணியச் சொல்கிறது, எழுத்தும் அணியச் சொல்கிறது. கொக்கி மாட்டாத ஹார்னஸ் ஒருவரையும் காப்பாற்றாது.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். கணக்கு எளிது. ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 2 மீட்டர். ஹார்னஸின் முதுகு வளையம் காலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொக்கியைக் காலடியில் உள்ள குழாயில் மாட்டிவிட்டு விழுந்தால், அந்த ஒன்றரை மீட்டரும் கயிற்றின் 2 மீட்டரும் சேர்ந்து, மூன்றரை மீட்டர் விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். தலைக்கு மேலே மாட்டியிருந்தால் விழுகிற தூரம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே அந்த நான்கு வரிக்குப் பதிலாக இரண்டு நீல வட்டங்கள் வைத்தோம். முதலாவதில் ஹார்னஸ். இரண்டாவதில் தலைக்கு மேலுள்ள கம்பியில் கொக்கி மாட்டுகிற கை. இதைத் தனியாக வரையச் சொன்னோம். எழுத்து இவ்வளவுதான்: 'இரண்டு மீட்டருக்கு மேல்: முழு ஹார்னஸ் போடு. தலைக்கு மேலே மாட்டு.' அரபியில் இரண்டைக் குறிக்க இருமை என்று தனி வடிவமே உண்டு. 'மித்ரைன்' என்றால் இரண்டு மீட்டர். எண்ணே எழுத வேண்டியதில்லை. அந்த மொழியில் நான் ரசிக்கிற இடம் இது.

அடுத்தது கிரேன். தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே என்பது வரி. 'லா தகிஃப்' என்று நேராக எழுதிவிடலாம். வளைகுடாச் சாலைகளில் போயிருக்கிற நேயர்கள் எண்கோணச் சிவப்புப் பலகையில் 'கிஃப்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'நிறுத்து' என்று அர்த்தம். அதே வினைதான் 'நில்' என்பதற்கும். அப்படியானால் 'லா தகிஃப்' என்பதை 'சுமைக்குக் கீழே வந்து நின்றுவிடாதே' என்று எடுத்துக்கொள்ளலாம், 'நிற்காமல் கடந்துபோ' என்றும் எடுத்துக்கொள்ளலாம். சுமை கீழே விழும்போது நடக்கிறவரென்றும் நிற்கிறவரென்றும் பார்த்தா விழும்? அங்கே 'இப்தஇத்' என்று எழுதினோம். விலகிப் போ. நடப்பதும் நிற்பதும் இரண்டுமே அதில் அடங்கிவிடும். ஆங்கில மூலத்தில் அந்த வரிக்கு மஞ்சள் முக்கோணம்தான் இருந்தது. முக்கோணம் கட்டளை இடாது என்று சொன்னேன் அல்லவா? அதனால் 'ஆபத்து, தொங்கும் சுமை' என்பதை முக்கோணத்தின் அருகில் வைத்து, 'விலகிப் போ' என்பதற்கு நடக்கவும் நிற்கவும் கூடாது என்ற சிவப்பு வளையத்தைச் சேர்த்தோம்.

தலைக்கவசத்தைப் பற்றியும் கொஞ்சம். 'ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வராதே' என்ற வாக்கியம் எல்லா சைட்டிலும் இருக்கும். வாக்கியத்தில் 'வராதே' இருப்பதால், வடிவமைக்கிறவர் சிலசமயம் ஹெல்மெட் படத்தின் மேல் சிவப்புக் கோட்டைப் போட்டுவிடுவார். எழுத்துப் படிக்கத் தெரியாதவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? இங்கே ஹெல்மெட் போடக்கூடாது என்றுதான். நீல வட்டமும் 'ஹெல்மெட் போடு' என்ற இரண்டு சொல்லும் போதும்.

அமெரிக்காவின் ஆன்சி தரத்தில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு புதிய குறியைப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்லவேண்டும். நேரெதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். தெரியாது என்று சொல்கிறவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தலைகீழாகப் புரிந்துகொண்டவர் யாரையும் கேட்கமாட்டார்.

நேரம் குறைவாக இருக்கிறது; அச்சுக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரபி வலமிருந்து இடமாக ஓடுவதால் போஸ்டரின் அமைப்பும் திரும்பவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரும் படங்கள் வலது மூலையில் தொடங்கவேண்டும். ஆனால் அதற்காக முழு போஸ்டரையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடக்கூடாது. அப்படித் திருப்பினால் ஒன்றுகூடும் இடத்துக்குப் போகிற அம்புக்குறியும் திரும்பிவிடும். தீப்பிடித்த நாளில் எல்லாரும் எதிர்த்திசையில் ஓடுவார்கள். அம்பு, சுவரில் மாட்டப்போகிற இடத்தைப் பொறுத்தது. மொழியைப் பொறுத்தது அல்ல. அரபி தெரியாத அச்சுக்காரர்கூட இன்னொரு கோளாறைக் கண்டுபிடிக்கலாம். அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும். சில எழுத்துகள்தான் அடுத்ததோடு சேராது. ஒரு வரியில் எல்லா எழுத்தும் தனித்தனியாக நின்றால், மென்பொருள் அதை உடைத்துவிட்டது என்று பொருள். அந்த வரி அநேகமாகப் பின்னிருந்து முன்னாகவும் அச்சாகியிருக்கும்.

போஸ்டரின் கடைசி வரியில் அவசர எண் இருக்கும். அரபு எண்களில் ஏழு, வாய் மேலே திறந்த கூர்முனை. அதைக் கவிழ்த்தால் எட்டு. ஐந்து நம் பூஜ்யத்தைப்போல் இருக்கும். அவர்களுடைய பூஜ்யம் வெறும் புள்ளி. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்புக்கு 997. எல்லை தாண்டி சவுதிக்குப் போனால் அப்படியே மாறிவிடும்: 997 ஆம்புலன்ஸ், 998 தீயணைப்பு. துபாயில் அச்சடித்த போஸ்டரை அப்படியே சவுதி சைட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் பிழை இல்லை, படத்திலும் பிழை இல்லை. எண் மட்டும் வேறு நாட்டுடையது. வளைகுடாவில் வேலை செய்கிற நேயர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாளை சைட்டுக்குப் போனதும் அந்தக் கடைசி வரியைப் பார்த்து, எண் அந்த நாட்டுக்கு உரியதுதானா என்று உங்கள் சேஃப்டி அதிகாரியிடம் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.